நாற்பத்து மூன்றாவது வரி

டெண்டர் அறிவிப்பு என்று எதைத் திறந்தாலும் எனக்குப் பயம்தான். பதினைந்து வருஷமாக இதே வேலைதான். குமரி மாவட்டம் கருங்கல்லில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு என்று போர்டில் எழுதியிருக்கும். போர்டில் எழுதாத வேலை ஒன்று உண்டு. சிறு சிறு ஆட்கள் அரசு அலுவலகங்களுக்குப் பொருள் கொடுக்க டெண்டர் போடும்போது, அந்த அறிவிப்பைப் படித்து, என்னென்ன கேட்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துக் கொடுப்பேன். எல்லாம் சேர்ந்த பிறகு இணையத்தில் ஏற்றியும் கொடுப்பேன். துடைப்பம் கொடுக்கிறவர், ஸ்டேஷனரி கொடுக்கிறவர், தண்ணீர் கேன் கொடுக்கிறவர், எல்லோரும் எனக்கு ஆள்தான்.

இவ்வளவு காலம் ஆகியும் பயம் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒரு மனுஷன். பினாயில் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தவர். அவருடைய டெண்டருக்கு நான்தான் பட்டியல் எடுத்தேன். கறுப்புப் பட்டியலில் இல்லை என்று முத்திரைத் தாளில் ஓர் உறுதிமொழி கேட்டிருந்தார்கள். போன தடவை நோட்டரியிடம் போட்டது கையில் இருந்தது. 'உறுதிமொழி: உண்டு' என்று டிக் போட்டுவிட்டேன். அந்த உறுதிமொழி டெண்டர் அறிவிப்பு வெளியான தேதிக்குப் பிறகு எழுதப்பட்டதாக இருக்கவேண்டும் என்று இணைப்புப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததாம். நான் பார்க்கவில்லை. ஆவணங்களுக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை; ஆவணங்கள் அடங்கிய தொழில்நுட்ப உறையிலேயே அவரைத் தள்ளிவிட்டார்கள். விலையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொள்ளாம், மனசாவது ஆறியிருக்கும். "பரவாயில்ல மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறேழு மாசத்தில் கடையை மூடினார். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறார். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க, அந்த நேரத்தில் நான் பிரிண்டரில் பேப்பர் வைக்கக் குனிந்துகொள்வேன்.

அதற்குப் பிறகு டிக் போடும் முறையையே மாற்றிவிட்டேன். ஒரு நீள நோட்டு. கோடு போட்டு எட்டுக் கட்டம். வரிசை எண், பக்க எண், பிரிவு எண், என்ன கேட்கிறார்கள், எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும், யார் கையெழுத்து, எங்கே எப்போதுக்குள் கொடுக்கவேண்டும், கடைசியாகக் கைக்கு வந்ததா. முதல் ஏழு கட்டமும் நிறையாமல் எட்டாவதில் பேனா வைக்கமாட்டேன். இப்படி ஒரு முறையைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது. அந்த மண்டைக்கனத்துக்கு அடி விழுந்த கதைதான் இது.

என் அண்ணன் வளைகுடாவில் இருக்கிறான். அவன் மனைவியை மைனி என்று கூப்பிடுவேன், நான் அவளுக்கு நாத்தனார். மைனிக்கு நெய்யூருக்குப் பக்கத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு ஏழு தையல் மெஷின் வைத்து ஆஸ்பத்திரித் துணி தைக்கிறாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிக் கட்டிலின் நடுவில் குறுக்கே போடும் சின்ன விரிப்பு, நோயாளிகள் போடும் அங்கி. ஆறு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். ஓர் அரசு மருத்துவமனைக்கு இரண்டு வருஷமாக அவள்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒப்பந்தம் முடியப்போகிறது. புது டெண்டர் வந்துவிட்டது. வெளியிலிருந்து வேறு ஆர்டர் எதுவும் மைனிக்குக் கிடையாது. இது கை நழுவினால் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான், ஆறு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதில் இரண்டு பேர் வீட்டில் இவர்கள் கொண்டுபோகும் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மைனி வந்தபோதே அவசரமாக வந்தாள். போன தடவை எடுத்த பட்டியல் என்னிடம் இருக்கிறதே, அதையே வைத்துச் சரிபார்த்தால் போதாதா என்று கேட்டாள். அதே ஆஸ்பத்திரி, அதே துணி, அதே ஆபீஸ் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பழைய பட்டியலை வைத்துப் புது டெண்டர் போடுகிறவன் மண்ணைத்தான் கவ்வுவான் என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே பழைய பட்டியலை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எவ்வளவு பெரிய ஆள் நான்.

அறிவிப்பு எழுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் ஆங்கிலம். பத்தொன்பதாம் பக்கத்தில் 'ஏற்றவேண்டிய ஆவணங்கள்' என்று ஒரு பட்டியல் அவர்களே கொடுத்திருந்தார்கள். பதினான்கு இனம். விவரம் தெரியாதவர்கள் அந்தப் பதினான்கை மட்டும் சேர்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். மிச்சம் எல்லாம் மூலைமுடுக்கில் இருக்கும். தகுதிப் பிரிவில் கொஞ்சம், சிறப்பு நிபந்தனையில் கொஞ்சம், இணைப்புப் படிவங்களின் அடிக்குறிப்பில் கொஞ்சம், பிறகு வந்த திருத்த அறிவிப்பில் கொஞ்சம். 'வேண்டும்', 'தவறினால்', 'நிராகரிக்கப்படும்' என்று வருகிற ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவேன். மூன்று நாள் ஆனது. நாற்பத்தொரு வரி வந்தது.

ஒவ்வொன்றும் ஒரு கண்ணிதான். விற்றுமுதல் சான்றிதழ் ஆடிட்டர் கொடுப்பது, அதில் அவருடைய சரிபார்ப்பு எண் இருக்கவேண்டும் என்று அடிக்குறிப்பு. டெண்டரோடு கட்டும் முன்பணத்திலிருந்து சிறுதொழிலுக்கு விலக்கு உண்டு, ஆனால் சிறுதொழில் பதிவில் 'உற்பத்தி' என்று இருக்கவேண்டும், 'வியாபாரம்' என்று இருந்தால் விலக்கு கிடையாது. உடனே மைனியின் பதிவைத் திறந்து பார்த்தேன். உற்பத்தி என்றுதான் இருந்தது. விலைப்பட்டியலை விலை எழுதாமல் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுத் தொழில்நுட்ப உறையில் வைக்கவேண்டும், விலையோடு வைத்தால் அங்கேயே தள்ளிவிடுவார்கள். துணியின் பரிசோதனை அறிக்கை போன தடவை ஆர்டர் கிடைத்த பிறகு போதும் என்றிருந்தது, இந்தத் தடவை ஏற்றும்போதே வேண்டும். மைனி சொன்னபடி பழைய பட்டியலை வைத்திருந்தால் இந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். "பாத்தியளா மைனி?" என்று கேட்டேன்.

துணியை அன்றைக்கே பரிசோதனைக்கு அனுப்பினோம். அறிக்கை வந்துசேர்ந்தபோது கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. அறிக்கைக்குக் காத்திருந்த அந்த ஒரு வாரமும் ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல் வெப்ராளம், ஒரே தவிப்பு. காலையில் எழுந்தால் முதல் வேலையாக நோட்டைத் திறந்து வரி வரியாக விரலை வைத்துப் பார்ப்பேன்.

அறிக்கை வந்த அன்று ஷெட்டில் எல்லோரும் பார்க்கட்டும் என்று பட்டியலைத் தமிழில் பெரிதாக எழுதி சுவரில் ஒட்டினேன். துணி மாதிரி சம்பந்தப்பட்ட வரிகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா. நான்கு பொருளிலும் ஒவ்வொரு மாதிரி, பரிசோதனைக்கு அனுப்பிய அதே சுருளிலிருந்து வெட்டியதாக இருக்கவேண்டும், நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், இணையத்தில் ஏற்றவேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணிக்குள். வெளி உறையில் மட்டும் பெயர் எழுதவேண்டும். உள்ளே இருக்கும் துணியில் லேபிள் இருக்கக்கூடாது. ஆபீஸில் உறையைப் பிரித்து, மாதிரிக்கு ஒரு ரகசிய எண் கொடுத்து, யாருடையது என்று தெரியாமல் பரிசோதிப்பார்கள்.

மாதிரி தைத்தவள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ஷெட்டில் மூத்த கை அவள்தான். அவளுடைய வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது, தையலுக்கு முன்னாலும்தான். தைத்து முடித்த ஒவ்வொரு துணியையும் அவள் கையில் எடுத்துப் பார்ப்பாள். சரியென்று பட்டால் மடிப்பின் மூலையில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். அது போட்ட துணி திரும்பி வராது. இரண்டு வருஷத்தில் அந்த மருத்துவமனைக்குப் போன அத்தனை விரிப்பிலும் அந்தச் சிவப்புக் குறி உண்டு.

கடைசி நாளுக்கு முந்தின நாள். காலையிலேயே மைனியும் அவளும் மாதிரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, ரசீதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார்கள். எட்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். மணி பதினொன்றுக்கு மேல் இருக்கும். கடையில் ஆள் இல்லை. என் பழக்கப்படி கடைசி முறையாக நோட்டையும் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

முப்பத்து நான்காவது வரி. பக்கம் நாற்பத்தெட்டு. நூல் எண்ணிக்கைக் கட்டத்துக்குக் கீழே இருந்த குறிப்பு. நான் நோட்டில் எழுதியிருந்தது 'லேபிள் இல்லாமல்'. அறிவிப்பில் இருந்தது அது மட்டும் கிடையாது. மாதிரியில், கொடுத்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டும் லேபிளோ, குறியோ, தையலோ, எழுத்தோ இருக்கக்கூடாது, இருந்தால் அந்த ஏலம் நிராகரிக்கப்படும். இதுதான் முழு வாசகம்.

கட்டம் சின்னது. எழுத இடம் இல்லை. அதனால் சுருக்கினேன். இவ்வளவுதான் நடந்தது.

சிவப்புக் குறி. அந்த ஆபீஸில் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சிவப்புக் குறி. யாருடையது என்று தெரியாமல் பரிசோதிக்கவேண்டிய மாதிரியில் அது இருந்தால், எங்கள் பெயரையே எழுதிக் கொடுத்தது போல. எனக்குப் பினாயில்காரரின் முகம் வந்தது. ஆறு பெண்களும் ஒருத்தர் பின் ஒருத்தராக என் கடையைத் தாண்டிப் போகிறது போலத் தோன்றியது. போனை எடுத்தேன்.

மைனி அப்போதுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். மாதிரியில் சிவப்பு நூல் போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"பின்ன போடாமலா? எப்பவும் போடுயதுதானே."

ஒரு நொடி மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லக்கூடாது, நினைத்தேன். தைத்தவள் மேல் பழி போடலாம், அறிவிப்பிலேயே இருந்தது நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். எழுபது பக்கம் ஆங்கிலத்தை அவர்கள் எங்கே படிக்கப் போகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுதி ஒட்டிய தாள் மட்டும்தான்.

"நான் தப்பா எழுதிட்டேன் மைனி. குறியும் கூடாது, தையலும் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் லேபிள்னு மட்டும் எழுதினேன். எனக்க தப்பாக்கும்."

போனில் ஷெட் மெஷின் ஓடும் ஒலி கேட்டது. அவள் அழுதால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப மணி எத்தன?" என்று கேட்டாள்.

பதினொன்று இருபது. மூன்று மணி வரை நேரம் இருந்தது. கொடுத்த மாதிரியை மாற்றிக்கொள்ள விடுவார்களா என்பதுதான் கேள்வி. மறுபடி அறிவிப்பைப் புரட்டினேன். எத்தனை தடவை படித்த தாள்கள், ஒரு எழுத்துகூட கண்ணில் நிற்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் கிடைத்தது. கொடுத்ததைக் கடைசி நேரத்துக்கு முன்னால் எழுத்துமூலம் கேட்டு மாற்றிக் கொடுக்கலாம், கடிதம் நிறுவனத்தின் தாளில் இருக்கவேண்டும், கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரே போடவேண்டும். இந்த வரியை நான் முதலிலேயே பட்டியலில் எடுக்கவில்லை. கட்டாயம் என்று அதில் எதுவும் இல்லையே என்று விட்டிருந்தேன். நமக்கு அனுமதிக்கிற வரியும் பட்டியலில் வரவேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு, கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நெய்யூருக்குப் போனேன். ஷெட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சுருளில் மிச்சம் இருந்த துணியை விரித்து அளந்துகொண்டிருந்தார்கள். அதே சுருள்தான் வேண்டும், வேறு துணியை எடுத்தால் பரிசோதனை அறிக்கையோடு ஒத்துப்போகாது. அளந்து பார்த்ததில் நான்குக்கும் வரும், ஒரு தப்பு வெட்டுக்குக்கூட இடமில்லை. கொடுத்ததையே வாங்கி நூலைப் பிரித்தால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். பிரித்தால் ஊசித் துளை தெரியும், துளையும் குறிதான் என்றேன்.

என் பெஞ்சுக்காரி கத்தரிக்கோலை எடுத்தாள். நாலு பேர் நாலு மெஷினில் உட்கார்ந்தார்கள். விரிப்புக்கு ஓரம் மடிப்பது சுளுவு. அங்கிக்கு நாடா வைத்துத் தைக்கத்தான் நேரம் ஆனது. நான் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு இஸ்திரி போட்டு முடித்தார்கள். ஒவ்வொரு துணியையும் அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். பழக்கத்தில் கை சிவப்பு நூலுக்குப் போனது. நான் பார்த்துவிட்டேன்.

"ஏட்டி, வேண்டாம்" என்றேன்.

"தெரியும்டி" என்று நூல் கண்டைத் தூக்கி மேஜை மேல் போட்டாள். "இது இல்லாம இது யாரு தச்ச துணின்னு எனக்கே தெரியாது, கேட்டியா?"

யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்குத்தானே இந்தப் பாடு என்று சொல்லிவிட்டு, நான் ஆட்டோக்காரரைக் கூப்பிட வெளியே போனேன்.

நான், மைனி, அவள், மூன்று பேரும் கிளம்பினோம். இரணியல் தாண்டும்போது மழை பிடித்தது. வில்லுக்குறியில் ஒரு லாரி குறுக்கே நின்று பத்து நிமிஷம் தின்றது. மைனி மடியில் பொட்டலத்தை வைத்து, அதன் மேல் சேலைத் தலைப்பை மூடி, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். நான் போனில் மணி பார்த்துக்கொண்டே வந்தேன். பார்வதிபுரம் வந்தபோது இரண்டே கால்.

மருத்துவமனையின் கிடங்கு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் மரியாதையான மனுஷர்தான். காலையில் கொடுத்தது பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி அதைத் தொட முடியாதே என்றார். நான் பன்னிரண்டாம் பக்கத்தை நீட்டினேன். பென்சில் கோடு போட்டிருந்த வரியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே அதிகாரியிடம் போனார். சுவரில் இருந்த கடிகாரம் இரண்டு முப்பத்தைந்து. நாற்பது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிலையை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். காலைப் பொட்டலத்தைப் பிரித்திருந்தால்? உள்ளே இருக்கும் சிவப்பு நூலை யாராவது பார்த்திருந்தால்? மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாற்பத்தாறுக்கு எழுத்தர் வெளியே வந்தார். பொட்டலங்களை மூன்று மணிக்குப் பிறகுதான் பிரிப்பார்களாம். மைனியைக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னார். பதிவேட்டில் காலைப் பதிவை அடித்துச் சுருக்கொப்பம் போட்டார். பழைய பொட்டலம் முத்திரை உடையாமல் எங்கள் கைக்கு வந்தது. புதியதை வாங்கிக்கொண்டு, நேரம் எழுதி, ரசீது கொடுத்தார். இரண்டு ஐம்பத்திரண்டு.

வெளியே வந்து மரத்தடியில் நின்று மூன்று பேரும் டீ குடித்தோம். மைனி பழைய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். நான்கு துணியிலும் மூலையில் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மைனி என் முதுகில் தட்டி, அழாதே, முடிந்தது என்றாள். பிறகு யாருக்கோ போன் பேசத் தள்ளிப் போனாள்.

அப்போதுதான் என் பெஞ்சுக்காரி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் வெள்ள நூலுல போட்டிருக்கேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

"விரிப்புல மட்டும். மடிப்புக்க உள்ள. வெள்ளையில வெள்ள. ஒருத்தருக்கும் தெரியாது. போடாம அனுப்ப எனக்க கை வரல்லடி."

சவம், அந்த இடத்திலேயே அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. மணி பார்த்தேன். மூன்று ஏழு. இனி மாற்ற முடியாது. சத்தம் போட்டால் மைனிக்குக் கேட்கும். அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும் வழி முழுக்க மைனி நிம்மதியாகத் தூங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை டிஜிட்டல் கையெழுத்துக் கருவியைச் செருகி, நாற்பத்தொரு வரியையும் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். ஏற்றியதற்கான ஒப்புகை எண் வந்தது. மற்ற நேரமாக இருந்தால் அதோடு நிம்மதி. இந்தத் தடவை பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. யாராவது மடிப்பைத் திருப்பிப் பார்த்தால், விரலால் தடவிப் பார்த்தால், வெளிச்சத்தில் பிடித்தால் என்று ஒரே நினைப்பு. வீட்டில் படுக்கை விரிப்பை எடுத்து மூலையில் வெள்ளை நூலால் அதேபோலப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. தொழில்நுட்ப முடிவு வரும் வரை தினமும் நாலு தடவை அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நானும் என் பெஞ்சுக்காரியும் தெருவில் சந்தித்தால்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் முடிவு வந்தது. ஏற்கப்பட்டவர்களில் மைனியின் பெயர் இருந்தது. பிறகு விலை திறந்ததில் மைனியுடையதுதான் குறைவு. ஆர்டர் வந்துவிட்டது. ஷெட்டில் பாயசம் வைத்தார்கள். மைனி அன்றிலிருந்து சிவப்பு நூலே ஷெட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். பட்ட பயம் அப்படி. என் பெஞ்சுக்காரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய வாய் மூடியிருந்ததை ஷெட்டில் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள்.

முதல் தவணை விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கியபோது நானும் ஆவணங்களோடு போயிருந்தேன். பரிசோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஏற்கப்பட்ட மாதிரியை ஒப்பந்தக் காலம் முழுக்க அலமாரியில் முத்திரை வைத்துப் பாதுகாப்பார்கள். வருகிற சரக்கு எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடுவார்கள். அது எனக்குத் தெரியும், பட்டியலில் நானே எழுதிய வரிதான் அது. ஆனாலும் அவர் அலமாரியைத் திறந்து எங்கள் மாதிரி விரிப்பை வெளியே எடுத்தபோது அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாதிரியையும் சரக்கையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். அளவு பார்த்தார். நூல் பார்த்தார். பிறகு ஓரத்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே போனார். மூலையில் விரல் நின்றது. மடிப்பைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு மூலையைப் பார்த்தார். பிறகு எங்கள் சரக்கிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்து அதே இடத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மாதிரியில இந்தக் குறுக்குத் தையல் இருக்கு. நீங்க கொண்டுவந்ததுல இல்லையே, ஏன்?"

மைனி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"துவைக்கும்போது மூல பிரியாம இருக்கதுக்கு உள்ள போட்டிருக்கீங்க. நல்ல வேலை. அத சப்ளையில விட்டா எப்படி? மாதிரி மாதிரியே வேணும்லா?"

பரிசோதனைக் குறிப்பில் அப்படியே எழுதிவிட்டார். சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய், மாதிரியில் உள்ளது போல எல்லா விரிப்பிலும் மடிப்பு மூலையில் உள்பக்கம் வெள்ளை நூலால் குறுக்குத் தையல் போட்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி கொண்டுவரவேண்டும். இனி வருகிற எல்லாத் தவணைக்கும் இதே நிபந்தனை.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மைனி வாயைத் திறந்தாள்.

"மக்கா, இது உனக்கு மொதல்லயே தெரியுமா?"

தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். டீ குடித்ததிலிருந்து என்றேன். மைனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஷெட்டில் இறங்கியதும் நேராக என் பெஞ்சுக்காரியின் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் தலையைத் தூக்கவே இல்லை. மைனி பரிசோதனைக் குறிப்பை அவளுக்கு முன்னால் வைத்து, எல்லா விரிப்பிலும் போடு, ஒன்றுகூட விடாதே என்று மட்டும் சொன்னாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் பைக்குள்ளிருந்து நீள நோட்டை எடுத்தேன். மாற்றிக் கொடுக்க அனுமதிக்கிற வரியை ஏற்கெனவே நாற்பத்து இரண்டு என்று சேர்த்திருந்தேன். அதன் கீழே நாற்பத்து மூன்று என்று எண் போட்டேன். அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. அடுத்த கட்டத்துக்குள்ளும் அதற்கடுத்த கட்டத்துக்குள்ளும் போய், அதிகாரி எழுதிய வாசகத்தை ஒரு எழுத்தும் சுருக்காமல் முழுவதுமாக எழுதினேன்.